லீவ் லெட்டர் போட்டாச்சு... பதில் எங்கே, சார்?

தீபாவளியன்று காலையில் யாரைப் பார்த்தாலும் 'கங்கா ஸ்நானம் ஆச்சா?' என்று கேட்பது நம் வழக்கம். வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டு 'ஆச்சு, ஆச்சு!' என்று பதில் சொல்வதும் வழக்கம். நிஜமாகவே கங்கையில் முங்கிவிட்டு அந்தப் பதிலைச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிற அப்பாக்கள் பல வீடுகளில் உண்டு. அவர்களுக்கும் கங்கைக்கும் நடுவே நிற்பது விந்திய மலை இல்லை. பிள்ளையின் மேனேஜர்!

லீவ் விண்ணப்பத்துக்கு 'சரி', 'முடியாது' என்று இரண்டு பதில்தான் உண்டு என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நினைப்போம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: மௌனம். நான் பல வருஷம் ஒரு கம்பெனியின் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷனில் இருந்தவன். லீவ் லெட்டர்கள் என் மேஜையைத் தாண்டித்தான் போகும், வரும். அவற்றில் நிராகரிக்கப்பட்டவை ரொம்பக் குறைவு. பதிலே இல்லாமல் ஊறிக்கொண்டிருந்தவைதான் அதிகம். 'முடியாது' என்று சொன்னால்கூட டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். மௌனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சும்மா பொதுவாகப் பேசாமல் ஒரு கேஸையே எடுத்துக்கொள்வோம். 2025 தீபாவளி. எங்கள் எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் இளைஞர் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பிரிவு. அப்பாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. 'இந்தத் தீபாவளிக்குக் காசி' என்று வீட்டில் முடிவாகிவிட்டது. தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. நிதானமாகப் போய்ச் சேரவேண்டுமே என்று 13-ம் தேதி திங்கட்கிழமை கங்கா காவேரி எக்ஸ்பிரஸ். ரயிலில் முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கும் என்பதால் ஆகஸ்ட் 14 காலை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அப்பா, அம்மா, அத்தை, தான் என்று நாலு பேருக்கும் மூன்றடுக்கு ஏ.சி.யில் பெர்த் பிடித்துவிட்டார். ஆகஸ்ட் 18-ல் லீவுக்கு விண்ணப்பம். அக்டோபர் 13 முதல் 24 வரை. நடுவில் வரும் சனி, ஞாயிறு, தீபாவளியைக் கழித்தால் ஒன்பது வேலை நாள்.

செப்டம்பர் 22 அன்று ராத்திரி நம் வீட்டுக் கதவைத் தட்டினார். ''அண்ணா, 35 நாளாச்சு. ஒரு பதிலும் இல்ல. கம்ப்யூட்டர்ல பாத்தா 'பெண்டிங்'னு மட்டும் காட்டுது. போய்க் கேட்டா கோச்சுப்பாரோன்னு பயமா இருக்கு. கேக்காம இருந்தா டிக்கெட் போயிடுமோன்னு அதுக்கும் மேல பயமா இருக்கு.''

''சரி தம்பி, முதல்ல காலண்டரை எடு'' என்றேன்.

ரயில் கிளம்பும் தேதி உங்கள் கெடு இல்லை!

பலரும் செய்கிற தப்புக் கணக்கு இது. 13-ம் தேதிதானே ரயில், அதற்குள் பதில் வந்தால் போதும் என்று நினைப்பார்கள். டிக்கெட்டை ரத்து செய்தால் எந்த நிமிஷத்திலிருந்து பணம் அதிகமாகப் பிடிக்கிறார்களோ, அதுதான் உங்கள் கெடு.

அந்தச் சமயத்தில் இருந்த ரயில்வே விதிப்படி, உறுதியான மூன்றடுக்கு ஏ.சி. டிக்கெட்டை ரயில் கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தால் ஆளுக்கு 180 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் பிடிப்பார்கள். 48 மணியிலிருந்து 12 மணி வரை கட்டணத்தில் கால் பங்கு போகும். 12 மணியிலிருந்து 4 மணி வரை பாதி. அதற்குப் பிறகு நாமம். கணக்குக்கு வசதியாக நாலு டிக்கெட்டும் சேர்ந்து 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் நஷ்டம் 720 ரூபாயும் வரியும். இரண்டாவதில் 2,250. மூன்றாவதில் 4,500. (விதிகள் மாறுவது உண்டு. நீங்கள் டிக்கெட் எடுக்கும்போது என்ன இருக்கிறதோ, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இப்போது கிழமையைப் பாருங்கள். ரயில் திங்கட்கிழமை சாயங்காலம். அதற்கு 48 மணி நேரம் முன்பு என்றால் சனிக்கிழமை சாயங்காலம். ஆனால், சனிக்கிழமை ஆபீஸ் கிடையாது. ஆக, மேனேஜர் வாயைத் திறக்க வேண்டிய கடைசி நாள் 10-ம் தேதி வெள்ளிக்கிழமை. 'திங்கட்கிழமை காலைல சொல்றேம்ப்பா' என்று அவர் சாவகாசமாகச் சொன்னால், ஆபீஸ் திறக்கிற நேரத்தில் 12 மணி நேரக் கெடுவும் தாண்டியிருக்கும். பாதிப் பணம் போச்சு.

இன்னும் இருக்கிறது. அக்டோபர் 1 ஆயுத பூஜை, 2 காந்தி ஜெயந்தி. அந்த வாரம் ஆபீஸில் பொரி கடலைதான் இருக்கும், ஆள் இருக்காது. அதற்கு முந்தின வாரமோ அரையாண்டுக் கணக்கு முடிக்கிற அமளி. 'இன்னும் மூணு வாரம் இருக்கே' என்று நண்பர் நினைத்துக்கொண்டிருந்தது, எண்ணிப் பார்த்தால் உருப்படியாகப் பத்துப் பன்னிரண்டு நாள்தான்.

'10-ம் தேதி வெள்ளி' என்று காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டோம்.

மௌனத்துக்கு என்ன அர்த்தம்?

'வேணும்னே இழுத்தடிக்கிறார்' என்றார் நண்பர். இருக்கலாம். ஆனால், என் மேஜை அனுபவத்தில் மௌனத்துக்குப் பெரும்பாலும் நாலு காரணங்கள்தான். ஒன்று, அவர் பார்க்கவே இல்லை. நாற்பது விண்ணப்பங்களுக்கு நடுவே இதுவும் கிடக்கிறது. இரண்டு, அவர் பார்த்துவிட்டார், ஆனால் இத்தனை நாளுக்கு மேல் என்றால் அவருக்கு மேலே ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும், அங்கே தூங்குகிறது. மூன்று, அதே வாரத்துக்கு வேறு யாரோவும் கேட்டிருக்கிறார். இரண்டு பேரையும் அனுப்ப முடியாது, ஒருவருக்கு 'நோ' சொல்ல மனசு வரவில்லை. நாலு, வேலை எப்படிப் போகும் என்று தெரியாததால் கடைசி வரை கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்.

முதல் இரண்டையும் கண்டுபிடிப்பது சுலபம். கம்ப்யூட்டரில் 'பெண்டிங்' என்ற வார்த்தையைத் தட்டிப் பார்த்தால் அநேகமாக யாரிடம் நிற்கிறது என்று பெயர் காட்டும். காட்டாவிட்டால் லீவ் பார்க்கிற செக்‌ஷனில் ஒரு காபி நேரத்தில் விசாரிக்கலாம். 'சாங்ஷன் ஆகுமா?' என்று அவர்களைக் கேட்கக்கூடாது. அது அவர்கள் கையில் இல்லை. 'யார்கிட்ட இருக்கு?' என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்துவிடும்.

நண்பரின் விண்ணப்பம் மேனேஜரின் பெயரில்தான் நின்றது. அப்படியானால் மிச்சம் மூன்றாவது அல்லது நாலாவது காரணம். அதை அவரிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். எப்படி?

அந்த ஒரு கடிதம்

நண்பர் முதலில் ஒரு ரிமைண்டர் தயார் செய்து காட்டினார். 'ஜென்ட்டில் ரிமைண்டர். ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல். ஆல்ரெடி டிக்கெட்ஸ் புக்டு.' மூன்றே வாக்கியம். மூன்றும் வம்பு. 'ஜென்ட்டில்' என்று எழுதினாலே அது ஜென்ட்டில் இல்லை என்று ஊருக்கே தெரியும். 'நீட்ஃபுல்' என்றால் அவர் என்ன செய்ய வேண்டும்? தெரியாது. 'டிக்கெட் போட்டாச்சு' என்பதுதான் உச்சம். நீங்கள் சொல்வது ஒரு தகவல். அவர் காதில் விழுவது, 'நான் முடிவு பண்ணியாச்சு, நீ கையெழுத்துப் போடு!'

அதே டிக்கெட்டைத் தேதியாக மாற்றிச் சொன்னால் கதையே வேறு. இருவரும் உட்கார்ந்து இப்படி எழுதினோம். ஆங்கிலத்தில்தான் போயிற்று. எலும்புக்கூடு இதுதான்:

'வணக்கம் சார். அக்டோபர் 13 முதல் 24 வரை ஒன்பது நாள் விடுப்புக்கு ஆகஸ்ட் 18 அன்று விண்ணப்பித்திருந்தேன். பெற்றோரைக் காசிக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. அரையாண்டுக் கணக்கில் என் பங்கை 30-ம் தேதிக்குள்ளும், அக்டோபர் மாத பில்களை 10-ம் தேதிக்குள்ளும் முடித்துவிடுவேன். ரயில் டிக்கெட்டைப் பெரிய நஷ்டமில்லாமல் ரத்து செய்ய 10-ம் தேதிதான் கடைசி. அதனால் 7-ம் தேதிக்குள் தங்கள் முடிவு தெரிந்தால் உதவியாக இருக்கும். தேதிகளில் ஏதாவது சிரமம் இருந்தால் எந்த நாள் என்று சொல்லுங்கள், அதற்கேற்பப் பார்க்கிறேன்.'

இதில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. கேட்டது என்ன, எப்போது கேட்டது, வேலை என்ன ஆகும், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும், ஏன் அந்தத் தேதி என்று எல்லாம் இருக்கிறது. நிஜக் கெடு 10 என்றாலும் 7 என்று கேட்டோம். மேனேஜர்களுக்கும் காய்ச்சல் வரும், மீட்டிங் வரும். மூன்று நாள் கையிருப்பு வேண்டும். கடைசி வாக்கியம்தான் முக்கியம். 'நோ' சொல்லத் தயங்குகிற மனிதருக்கு, 'எந்த நாள் சிரமம்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம்.

புதுக் கடிதமாக அனுப்பாமல், ஆகஸ்ட் 18 அன்று அனுப்பிய பழைய ஈ-மெயிலுக்கே பதிலாக அனுப்பச் சொன்னேன். கீழே பழைய தேதி தானாகவே தெரியும். '35 நாளாச்சு சார்' என்று நாம் சொல்லிக்காட்ட வேண்டாம். சி.சி.யில் வேறு யாரையும் போடக்கூடாது. மேனேஜரின் மேனேஜரைச் சேர்த்தால் அதன் பெயர் நினைவூட்டல் இல்லை, புகார். அனுப்பியது செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்கு. திங்கள் காலை அவர் தபாலில் மூழ்கியிருப்பார். வெள்ளி சாயங்காலம் அவர் மனசு ஏற்கெனவே வீட்டுக்குப் போயிருக்கும்.

'பார்க்கலாம்' என்பது பதில் இல்லை

மூன்று வேலை நாள் பொறுத்தார். பதில் இல்லை. 26-ம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம் நேரிலேயே போனார். லிஃப்ட்டிலோ, பாத்ரூம் வாசலிலோ மடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். கையில் காலண்டர் இல்லாத இடத்தில் யாராலும் தேதி சொல்ல முடியாது. ''சார், ரெண்டு நிமிஷம்... லீவ் விஷயம்'' என்று சீட்டுக்கே போய்க் கேட்டார்.

''பார்க்கலாம்ப்பா... அரையாண்டு முடியட்டும்.''

வழக்கமாக இங்கே எல்லாரும் 'ஓகே சார்' என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். பழையபடி மௌனம் ஆரம்பிக்கும். நண்பர் சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை. ''சரி சார். அப்ப 3-ம் தேதி வெள்ளிக்கிழமை வந்து கேக்கட்டுமா?''

''ம்... வாங்க.''

மழுப்பலான பதிலை வாங்கினால் அதற்கு ஒரு தேதியை மாட்டிவிடவேண்டும். அடுத்த தடவை நீங்கள் நச்சரிப்பதாக ஆகாது. அவர் வரச்சொன்னார், நீங்கள் போகிறீர்கள்.

3-ம் தேதி போனால் மேனேஜர் லீவ்! இரண்டு நாள் விடுமுறையோடு வெள்ளியையும் சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அவர் லீவை யார் சாங்ஷன் செய்தார்களோ! நண்பர் வீட்டில் வந்து குதித்தார். 'இன்னிக்கு ராத்திரியே வாட்ஸ்அப் போடறேன்' என்றார். போனைப் பிடுங்கி வைத்தேன். விடுமுறையில் இருக்கிறவரிடம் விடுமுறை கேட்டால் என்ன பதில் வரும்? அவருக்கும் எரிச்சல், உங்களுக்கு இரண்டு நீல டிக் மட்டும் மிச்சம்.

திங்கட்கிழமை, 6-ம் தேதி. ''சார், 3-ம் தேதி வரச் சொல்லியிருந்தீங்க. எந்த நாள்லயாவது கஷ்டம் இருக்கா சார்?''

இப்போதுதான் உள்ளே இருந்த பூனை வெளியே வந்தது. ''தீபாவளி வாரத்துக்கு உங்க பக்கத்து சீட்காரரும் கேட்டிருக்காரே. ரெண்டு பேரையும் அனுப்பிட்டு நான் என்ன பண்றது?''

மூன்றாவது காரணம்! ஐம்பது நாளாக அவர் மௌனமாக இருந்தது இதற்குத்தான். நண்பரிடம் கோபம் எதுவும் இல்லை. இரண்டு பேரில் யாரைக் கைவிடுவது என்று தெரியாமல், இருவரில் ஒருவர் தானாக வாபஸ் வாங்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

நண்பர் பக்கத்து சீட்காரரிடம் டீக்கடையில் பேசினார். அவர் திருநெல்வேலிக்குப் போகிறார். 17 முதல் 22 வரைதான் வேண்டும். இருவரும் ஒரே சமயத்தில் இல்லாத வேலை நாட்கள் 17, 21, 22. மொத்தம் மூன்றே நாள். பக்கத்து சீட்காரர் 17-ம் தேதி மத்தியானம் வரை இருந்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் போகச் சம்மதித்தார். 21, 22 இரண்டு நாளும் அவசர பில்களைப் பார்க்க பிரிவிலிருந்த மூன்றாவது ஆள் ஒப்புக்கொண்டார். பதிலுக்குப் பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போகும்போது நண்பர் உட்காரவேண்டும். இதை நாலு வரியில் எழுதி 7-ம் தேதி காலை அதே பழைய ஈ-மெயில் சங்கிலியில் அனுப்பினார்.

பத்து நிமிஷத்தில் 'அப்ரூவ்டு' வந்தது. இருவருக்கும்!

நினைவூட்டல் என்றால் கதவை மறுபடி மறுபடி தட்டுவது என்று நினைக்கிறோம். கதவு எந்த இடத்தில் சிக்கியிருக்கிறது என்று பார்ப்பதுதான் பாதி வேலை. நண்பர் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பத்து ரிமைண்டர் அனுப்பியிருந்தாலும் மேனேஜரின் சிக்கல் தீர்ந்திருக்காது.

பதில் வரவே இல்லை என்றால்?

''அண்ணா, கடைசி வரைக்கும் ஒண்ணும் சொல்லலேன்னா, கேட்டதுதான் கேட்டாச்சேன்னு கிளம்பிடலாமா?'' என்று நடுவில் ஒரு நாள் நண்பர் கேட்டார். கூடவே கூடாது. மௌனம் சம்மதம் என்பது பெண் பார்க்கும் இடத்தில் வேண்டுமானால் செல்லலாம், ஆபீஸில் செல்லாது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1972-ம் வருஷத்து விடுப்பு விதிகளில் 7-வது விதி, விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்றே சொல்கிறது. தனியார் கம்பெனிகளின் விதிப் புத்தகங்களிலும் ஏறக்குறைய இதே தொனிதான். சாங்ஷன் ஆகாமல் போனால் அது லீவ் இல்லை, ஆப்சென்ட். சம்பளம் பிடிப்பதோடு நிற்காமல் மெமோ வரைக்கும் போகலாம்.

அதனால் மாற்று ஏற்பாடு ஒன்றையும் கையில் வைத்திருந்தோம். உறுதியான டிக்கெட்டைக் குடும்பத்தில் ஒருவருக்கு, அதாவது பெற்றோர், உடன்பிறந்தோர், மனைவி, பிள்ளைகளுக்கு, பெயர் மாற்றித் தர ரயில்வே அனுமதிக்கிறது. ஒரு தடவைதான். ரயில் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பே முன்பதிவு கவுண்ட்டரில் எழுதிக் கொடுக்கவேண்டும். டிக்கெட்டின் பிரதி, அடையாள அட்டை, உறவுக்கு அத்தாட்சி எல்லாம் தேவை. கோயம்புத்தூரில் இருக்கும் நண்பரின் தம்பியிடம் 'தேவைப்பட்டா நீ கூடப் போகணும்டா' என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாயிற்று. திங்கள் சாயங்கால ரயிலுக்கு 24 மணி நேரம் என்றால் ஞாயிறு சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமை கவுண்ட்டரை நம்ப முடியாது என்பதால் சனிக்கிழமையே முடித்துவிடுவதாகத் திட்டம். பிள்ளை போகாவிட்டாலும் அப்பா கங்கையில் முங்கியிருப்பார். இந்த ஏற்பாடு இருந்ததால்தான் நண்பரால் மேனேஜர் முன்னால் பதறாமல் பேச முடிந்தது.

இன்னொரு ஆபத்து, வாய்ப்பேச்சு. 'அட, போயிட்டு வாங்கப்பா' என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். நீங்கள் காசியில் இருக்கும்போது அவருக்கு மாற்றல் வந்துவிட்டால் புது மேனேஜருக்கு அந்தச் சிரிப்பு தெரியாது. உடனே சீட்டுக்குத் திரும்பி ஒரு வரி: 'சார், இன்று காலை 13 முதல் 24 வரை போய்வரச் சொன்னதற்கு நன்றி. நேரம் கிடைக்கும்போது கம்ப்யூட்டரிலும் அனுமதித்துவிட்டால் லீவ் செக்‌ஷனில் பதிவாகிவிடும்.' நன்றி சொன்ன மாதிரியும் ஆயிற்று, எழுத்தில் ஏறின மாதிரியும் ஆயிற்று.

மேனேஜரிடம் சொல்லக்கூடாத வசனங்கள்

'டிக்கெட் போட்டாச்சு சார்!' (அவர் மனசுக்குள்: யாரைக் கேட்டு?)

'போன வருஷம் அவருக்கு மட்டும் குடுத்தீங்களே?' (உடனே பேச்சு போன வருஷத்துக்குப் போய்விடும். உங்கள் லீவ் அங்கேயே நிற்கும்.)

'மெயில் பாத்தீங்களா சார்?' ('பாக்கலை' என்பார். பிறகு நீங்கள் என்ன சொல்வீர்கள்?)

'ஓகே சார், நீங்க எப்ப வேணா சொல்லுங்க!' (சொல்ல மாட்டார்.)

'லீவ் தரலேன்னா வேலையை விட்டுடுவேன்!' (இந்த ஒன்றுக்கு மட்டும் சில இடங்களில் உடனடியாக சாங்ஷன் கிடைக்கும்.)